காணாமல் போன இருபது பங்குகள்: ஒரு முதல் வருட முதலீட்டின் கணக்கு

2025 ஏப்ரல் 7, திங்கட்கிழமை. காலையில் என் அக்காவின் மகள் கந்தோரிலிருந்து போன் எடுத்தாள். சாவகச்சேரியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராக இருக்கிறாள். வேலை நேரத்தில் எடுக்கிற பிள்ளை இல்லை.

“சித்தி, சந்தையை நிப்பாட்டிப் போட்டாங்களாம். என்ர காசுக்கு என்ன நடக்கும்?”

கதை இதுதான். அதற்கு ஐந்து நாள் முன்னர், ஏப்ரல் 2இல், இலங்கையிலிருந்து போகும் பொருட்களுக்கு 44% வரி என்று அமெரிக்க ஜனாதிபதி அறிவித்திருந்தார். நாங்கள் தைக்கும் உடுப்புகளைக் கூடுதலாக வாங்குகிற நாடு அது. பயம் கொழும்புப் பங்குச் சந்தைக்கும் வந்துவிட்டது. அன்று காலை, 20 பெரிய கம்பனிகளின் பங்குகளைச் சேர்த்துக் கணிக்கும் S&P SL20 சுட்டெண் 5 வீதத்துக்கு மேல் விழுந்தது. அப்படி விழுந்தால் வியாபாரத்தை 30 நிமிடம் நிறுத்த வேண்டும் என்பது சந்தையின் விதி. ஆட்கள் மூச்சு விட்டு யோசிக்கட்டும் என்பதற்கான இடைவெளி அது. காசு அதனால் எங்கும் போய்விடாது.

இதை அவளுக்குச் சொன்னேன். “சரி சித்தி” என்று வைத்துவிட்டாள். பின்னேரம் வீட்டுக்கு வந்தவள், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்: “வித்திட்டன். எல்லாத்தையும்.”

முதலீடு தொடங்குகிறவர்களுக்கு எல்லோரும் பொறுமை வேண்டும் என்கிறார்கள். அந்தப் பொறுமை ரூபாயில் எவ்வளவு, அது எங்கிருந்து வருகிறது என்று யாரும் கணக்குப் போட்டுக் காட்டுவதில்லை. நான் கணக்குப் பதிவு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளையின் அனுமதியோடு அவளுடைய கொப்பியை வைத்தே இந்தக் கணக்கை எழுதுகிறேன். எந்தப் பங்கு என்று சொல்லப் போவதில்லை. விலைகளையும் விளங்குவதற்காகக் கொஞ்சம் சுற்றி எழுதியிருக்கிறேன். நடந்த விதம் அப்படியே இருக்கிறது.

முதலில் அடிப்படையைச் சுருக்கமாகப் பார்ப்போம். பங்கு வாங்க இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, மத்திய வைப்பகக் கணக்கு. சீடீஎஸ் கணக்கு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வங்கிப் புத்தகத்தில் காசு இருப்பதுபோல அதில் உங்கள் பெயரில் பங்குகள் இருக்கும். மற்றது, ஒரு பங்குத் தரகர். அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பிப் போனிலேயே கணக்குத் திறக்கலாம். கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. ஒரேயொரு பங்கைக்கூட வாங்கலாம். வேலைநாட்களில் காலை 9.30 முதல் பிற்பகல் 2.30 வரை வியாபாரம் நடக்கும்.

அவள் 2025 ஜனவரியில் தொடங்கினாள். மாதம் 6,000 ரூபா, சம்பளம் கிடைத்ததும் ஒரு வங்கியின் பங்கு வாங்குவது என்று ஏற்பாடு. ஜனவரியில் பங்கு 120 ரூபா, 50 பங்குகள் கிடைத்தன. பெப்ரவரியில் 125 ரூபா, 48 பங்குகள். மார்ச்சில் திரும்பவும் 120 ரூபா, 50 பங்குகள். ஆக 148 பங்குகள், 18,000 ரூபா.

இங்கே புதிதாக வருகிறவர்கள் தவறவிடுகிற ஒரு செலவு உண்டு. வாங்கினாலும் விற்றாலும் ஒவ்வொரு தடவையும் பெறுமதியில் 1.12% போய்விடும். தரகர் கூலி, சந்தைக்கும் வைப்பகத்துக்கும் சந்தையைக் கண்காணிக்கும் ஆணைக்குழுவுக்கும் போகும் சிறு கட்டணங்கள், அரசாங்கத்தின் பரிமாற்ற வரி எல்லாம் சேர்ந்தது அது. 100க்கு ஒரு ரூபாதானே என்று தோன்றும். ஆனால் ஒரு பங்கை 120 ரூபாவுக்கு வாங்கினால் உண்மையில் உங்கள் கையை விட்டுப் போனது 121.34. அதை விற்கும்போது திரும்ப 1.12% கழியும். ஆகவே போட்ட காசு போட்டபடி கைக்கு வர வேண்டும் என்றால் விலை 122.72க்கு ஏற வேண்டும். விலை 121, 122 என்று திரையில் பச்சையாகத் தெரியும்போதும் விற்றால் நட்டம்தான். அடிக்கடி வாங்கி விற்கிறவர் இந்த இரண்டேகால் வீதத்தை ஒவ்வொரு சுற்றுக்கும் கட்டுகிறார்.

அவளுடைய மூன்று மாத முதலீடு கட்டணத்தோடு 18,201.60 ரூபா. ஏப்ரல் 7இல் சந்தை திரும்பத் திறந்ததும் 148 பங்குகளையும் 105 ரூபாவுக்கு விற்றாள். 15,540 ரூபா. அதில் 174 ரூபா கட்டணம் போக, கைக்கு வந்தது 15,365.95. நட்டம் 2,800 ரூபாவுக்குக் கொஞ்சம் மேல்.

விற்ற இரவு நிம்மதியாக நித்திரை கொண்டதாகச் சொன்னாள். நான் அதை நம்புகிறேன். விழுந்துகொண்டிருக்கிற ஒன்றைக் கைவிட்டால் உடனே ஒரு ஆறுதல் வரும். அந்த ஆறுதலுக்கு என்ன விலை என்பது பிறகுதான் தெரியும். இரண்டு நாளில், ஏப்ரல் 9இல், அந்த வரியை 90 நாளுக்குத் தள்ளி வைத்தார்கள். எங்கள் சந்தை மறுநாளே ஏறியது. பிறகு வருடப்பிறப்பு விடுமுறை வந்தது. கைவிசேடம் வாங்கிய கையோடு அவள் விலையைப் பார்த்தபடி இருந்தாள். 110ஐத் தாண்டியது. திரும்ப விழும், அப்போது வாங்கலாம் என்று காத்திருந்தாள். விழவில்லை. ஏப்ரல் கடைசியில் 118இல் திரும்ப வாங்கினாள்.

அன்று நாங்கள் இருவரும் குசினி மேசையில் இருந்து கணக்குப் பார்த்தோம். 118 ரூபாப் பங்குக்குக் கட்டணத்தோடு 119.32 ஆகும். கையில் இருந்த 15,365.95க்கு 128 பங்குகள் வந்தன. 92 ரூபா 79 சதம் மிச்சம்.

“அப்ப முதலில் எத்தினை இருந்தது?” என்று கேட்டேன்.

“நூற்று நாற்பத்தெட்டு.”

“இப்ப?”

கொஞ்ச நேரம் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இருபது பங்கைக் காணேல்லை, சித்தி.”

கம்பனியில் எதுவும் மாறவில்லை. அதே வங்கி, அதே கிளைகள். பங்கு விலையும் ஏறக்குறைய மார்ச்சில் இருந்த இடத்துக்கே வந்துவிட்டது. அவளிடம் மட்டும் 20 பங்குகள் குறைந்துவிட்டன. அவசரத்தால் வந்த நட்டத்தை ரூபாவில் எண்ணுவதைவிடப் பங்கில் எண்ணுவதுதான் சரி என்று நான் நினைக்கிறேன். ரூபா நட்டம் விலை ஏறும்போது மறந்துபோகும். குறைந்துபோன பங்கு, கம்பனி தன் லாபத்தில் பங்குக்கு இவ்வளவு என்று பிரித்துத் தருகிற பங்கிலாபத்திலும் ஒவ்வொரு வருடமும் குறைந்தபடியே இருக்கும்.

ஏன் விற்றாய் என்று அன்று நான் கேட்டபோது, “பயந்து போனன்” என்றாள். பயம் எனக்கும் வரும். 2022 ஏப்ரலில் கொழும்புச் சந்தையை ஒரு கிழமைக்கு மூடியே வைத்திருந்தார்கள். பெற்றோல் வரிசையும் மண்ணெண்ணெய் வரிசையும் இருந்த காலம். அப்போது என்னிடமும் பங்குகள் இருந்தன. நான் விற்காமல் இருந்ததற்கு என் மனத்திடம் காரணம் என்று சொன்னால் பொய்யாகிவிடும். அந்தக் காசு எனக்கு அப்போது தேவைப்படவில்லை. அவ்வளவுதான்.

அவளிடம் தோண்டித் தோண்டிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. அந்த 18,000இல் 10,000 ரூபா தம்பியின் வகுப்புக் கட்டணத்துக்கு ஓகஸ்டில் தேவை. “அதுவரைக்கும் சும்மாதானே கிடக்கும், பங்கில போட்டால் கூடும்” என்று நினைத்திருக்கிறாள். ஓகஸ்டில் கட்டாயம் எடுக்க வேண்டிய காசு ஏப்ரலில் விழும்போது யாருக்குத்தான் பொறுமை வரும்? அந்தக் காசுக்கு நாலு மாதம்தான் தவணை. சந்தை நாலு மாதத்துக்குள் திரும்பும் என்று யாரும் உறுதி தர முடியாது.

எவ்வளவு காலம் எடுக்கும் என்பதற்கு எங்கள் சந்தையே ஒரு சாட்சி. எல்லாப் பங்குகளையும் சேர்த்துக் கணிக்கும் சுட்டெண்ணைத் திரையில் ASPI என்று காட்டுவார்கள். 2021 முடியும்போது அது 12,200 அளவில் இருந்தது. 2022 முடிவில் 8,500க்குக் கீழே. 2023 முடிவில் 10,600 அளவில். 2024 கடைசியில்தான் 15,900ஐத் தாண்டியது. 2021 கடைசியில் சந்தை முழுவதிலும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிய ஒருவர் போட்ட தொகையைத் திரும்பப் பார்க்க இரண்டு வருடத்துக்கு மேல் இருக்க வேண்டி வந்தது. அதற்குள் அரிசியும் எண்ணெயும் எங்கேயோ போய்விட்டன. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70% அளவுக்குப் போனது. ஆகவே சுட்டெண் பழைய எண்ணைத் தொட்டாலும் அந்தக் காசின் வாங்கும் சக்தி பழையது இல்லை. பொறுத்திருந்தால் எல்லாம் சரியாகும் என்று நான் அவளுக்குச் சொல்லாததற்கு இதுதான் காரணம். ஐந்து வருடம் தொடத் தேவையில்லாத காசை மட்டும் போடு என்றுதான் சொன்னேன்.

அதனால் ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் சம்பளக் காசில் அவள் புதிதாகப் பங்கு வாங்கவில்லை. அந்த மூன்று மாதத்து 6,000களையும், ஆக 18,000ஐ, வங்கிச் சேமிப்புப் புத்தகத்தில் போட்டாள். ஓகஸ்டில் தம்பிக்கு 10,000 அதிலிருந்து போனது. அதே மாதம் கந்தோரில் பிடித்திருந்த சீட்டு விழுந்து 40,000 வந்தது. முந்தின பிள்ளை என்றால் அதைப் பங்கில் போட்டிருப்பாள். இப்போது அதையும் புத்தகத்தில் போட்டாள். வீட்டில் ஏதும் நடந்தால் எடுக்க 48,000 ரூபா. வட்டி கொஞ்சம்தான். இந்தக் காசின் வேலை வட்டி தருவது அல்ல, பங்குகளை விற்க விடாமல் காப்பது.

ஜூலையில் திரும்ப மாதம் 6,000 தொடங்கினாள். இந்த இடத்தில் ஏன் ஒரே தொகை, ஏன் மாதாமாதம் என்று கேட்டாள். அக்கா சனிக்கிழமை சந்தையில் சின்ன வெங்காயம் வாங்குவதை வைத்துச் சொன்னேன். அக்கா கிலோக் கணக்கில் வாங்க மாட்டா. “ஐந்நூறுக்குப் போடுங்கோ” என்பதுதான் வழக்கம். கிலோ 500 விற்கிற கிழமை ஒரு கிலோ வரும். 250க்கு விழுந்த கிழமை இரண்டு கிலோ வரும். இரண்டு கிழமைக்கும் 1,000 ரூபா கொடுத்து மூன்று கிலோ வாங்கியிருக்கிறா. கிலோவுக்குச் சராசரி 333 ரூபா. ஆனால் சந்தை விலைகளின் சராசரியோ 375. அக்கா பேரம் பேசவில்லை, விலை எப்போது குறையும் என்று கணிக்கவும் இல்லை. தொகையை மாற்றாமல் வைத்ததால், விலை குறைந்த கிழமையில் தானாகவே கூட வாங்குப்பட்டிருக்கிறது.

பங்கிலும் இதே கணக்குத்தான். 120 ரூபாவில் 6,000க்கு 50 பங்குகள். அவள் பயந்து விற்ற 105 ரூபாவில் அதே 6,000க்கு 57 பங்குகள் கிடைத்திருக்கும். வெங்காயம் விலை விழுந்தால் சந்தோசப்படுகிற எங்கள் வீட்டில், இன்னும் பல வருடம் வாங்கப் போகிற ஒரு பொருளின் விலை விழுந்தபோது மட்டும் அழுகை வந்தது ஏன் என்று அவள் கேட்டாள். நல்ல கேள்வி. வெங்காயத்தை நாங்கள் திரும்ப விற்பதில்லை, அதனால் வீட்டில் தொங்குகிற பிடியின் இன்றைய விலையை யாரும் பார்ப்பதில்லை. பங்கின் விலையை ஆப் ஒவ்வொரு நிமிடமும் காட்டுகிறது. அவள் ஏப்ரல் முதல் கிழமை ஒரு நாளைக்கு எத்தனை தரம் பார்த்தாளோ தெரியாது. ஜூலையிலிருந்து ஆப்பின் அறிவிப்புகளை நிறுத்திவிட்டு, வாங்குகிற நாளில் மட்டும் திறக்கிறாள்.

இந்த முறைக்கு ஒரு எல்லை உண்டு. விலை ஏறிக்கொண்டே போகும் காலத்தில் பிந்தி வாங்கும் ஒவ்வொரு பங்கும் முந்தியதைவிடக் கூடிய விலைக்குத்தான் வரும். அவளுக்கு அப்படித்தான் நடந்தது. ஜூலையில் 150 ரூபா, 40 பங்குகள். ஓகஸ்டில் 160 ரூபா, 37 பங்குகள். மொத்தமாக முதலிலேயே போட்டிருந்தால் லாபம் கூட வந்திருக்கும். ஆனால் மாதச் சம்பளக்காரியிடம் மொத்தமாகப் போட எங்கே இருக்கிறது?

செப்டெம்பரில் இன்னொரு போன் வந்தது. இந்த முறை பதற்றம் இல்லை, சந்தேகம் மட்டும். “சித்தி, நேற்று 160 இருந்தது, இண்டைக்குத் திறக்கவே 156. ஒரு செய்தியும் இல்லை. என்னவா இருக்கும்?”

திரையில் கம்பனிப் பெயருக்குப் பக்கத்தில் ஏதும் எழுத்து இருக்கிறதா என்று கேட்டேன். XD என்று இருப்பதாகச் சொன்னாள். அந்த இரண்டு எழுத்தைத் தெரியாமல் விற்றவர்கள் பலர். கம்பனி பங்கிலாபம் அறிவிக்கும்போது ஒரு திகதியையும் சொல்லும். அந்தத் திகதிக்கு முதல் நாள் வரை பங்கை வாங்கி வைத்திருப்பவருக்குத்தான் அந்தப் பங்கிலாபம். அந்தத் திகதியிலிருந்து வாங்குகிறவருக்கு அது கிடையாது. பங்குக்கு 4 ரூபா பங்கிலாபம் என்றால், நேற்று வாங்கியவர் பங்கோடு சேர்த்து 4 ரூபாவுக்கான உரிமையையும் வாங்கினார். இன்று வாங்குகிறவர் வெறும் பங்கைத்தான் வாங்குகிறார். அப்போது விலை ஏறக்குறைய 4 ரூபா இறங்குவது இயற்கை. கன்றோடு விற்ற மாட்டுக்கும் கன்றை எடுத்துவிட்டு விற்கும் மாட்டுக்கும் ஒரே விலையா இருக்கும்?

அன்று அவளிடம் 205 பங்குகள் இருந்தன. 820 ரூபா பங்கிலாபம். 15% வரியைக் கம்பனியே பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் அனுப்பும், ஆகவே 697 ரூபா. அது சில கிழமை கழித்து அவளுடைய வங்கிக் கணக்குக்கு வந்தது. அந்தக் குறுஞ்செய்தியை எனக்குக் காட்டினாள். சீட்டு விழுந்த 40,000க்குக்கூட அவளுக்கு இப்படி முகம் மலரவில்லை. பிறகு தானாகவே ஒன்று சொன்னாள்: “இருபது பங்கு இருந்திருந்தால் இன்னும் அறுபத்தெட்டு ரூபா.” ஒரு பங்குக்கு வரி போக 3.40. பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும்.

இனி, பொறுமை பிழையாகிற இடம். விலை விழுந்தால் கூட வாங்கலாம் என்று சொன்னதைக் கேட்டு, அழிந்துகொண்டிருக்கிற ஒரு கம்பனியை மாதாமாதம் வாங்கிக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். வெங்காயம் மலிந்ததா, அழுகத் தொடங்கியதா என்று பார்க்காமல் வாங்குவது போன்றது அது. வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க நான் அவளுக்கு இரண்டு வழி காட்டினேன்.

முதலாவது, தனியே விழுகிறதா, எல்லாவற்றோடும் சேர்ந்து விழுகிறதா என்று பார்ப்பது. ஏப்ரல் 7இல் ASPIயும் விழுந்தது, அவளுடைய பங்கும் விழுந்தது. அது சந்தை முழுவதின் பயம். சுட்டெண் நின்ற இடத்தில் நிற்க, ஒரு பங்கு மட்டும் மாதக்கணக்காக இறங்குகிறது என்றால் அந்தக் கம்பனியில் ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். XD நாளை மட்டும் இதிலிருந்து கழித்துவிடலாம்.

இரண்டாவது, கம்பனியின் காலாண்டுக் கணக்கு. சந்தையில் பட்டியலிட்ட கம்பனிகள் நிதி வருடத்தின் முதல் மூன்று காலாண்டுக்கும், ஒவ்வொன்றும் முடிந்து 45 நாளுக்குள் இடைக்கால நிதி அறிக்கையை வெளியிட வேண்டும். cse.lk தளத்தில் கம்பனியின் பெயரைப் போட்டால் அது இலவசமாகக் கிடைக்கும். பல பக்கம் இருக்கும், பயப்படத் தேவையில்லை. ஒரு பங்குக்கு உழைத்த தொகை என்று ஒரு வரி இருக்கும். பக்கத்திலேயே போன வருடம் இதே காலாண்டில் அது எவ்வளவு என்றும் இருக்கும். அந்த இரண்டு எண்ணையும் கொப்பியில் எழுதினால் போதும். விலை விழுந்தும் அந்த எண் நிற்கிறது என்றால் காத்திருக்க நியாயம் உண்டு. அந்த எண்ணே மூன்று நாலு காலாண்டாகச் சுருங்கி வருகிறது, பங்கிலாபத்தையும் நிறுத்திவிட்டார்கள் என்றால், 1.12% கட்டணத்தைக் கட்டி வெளியே வருவதுதான் புத்தி. அங்கே விற்பது அவசரம் ஆகாது.

அப்படிப் பார்த்தாலும் ஒரே கம்பனியில் எல்லாக் காசும் இருப்பது எனக்குச் சம்மதம் இல்லை. அதை அவளிடம் முதலிலிருந்தே சொல்லி வருகிறேன். சுட்டெண் திரும்பி வந்ததைத்தான் மேலே காட்டினேன். ஒரு தனிக் கம்பனி திரும்பி வராமலே போகலாம். அடுத்த வருடம் வேறு துறையில் இரண்டாவது பங்கோ, பலருடைய காசைச் சேர்த்துப் பல பங்குகளில் போடும் யூனிட் ட்ரஸ்டோ சேர்க்க வேண்டும் என்று பேசியிருக்கிறோம்.

ஒக்டோபரில் 160 ரூபா, 37 பங்குகள். நவம்பர் 25இலும் அதே விலை, அதே எண்ணிக்கை. அந்தக் கிழமை கடைசியில் டித்வாப் புயல் வந்தது. எங்கள் பக்கமும் காற்றும் மழையும். அக்கா வீட்டில் தென்னை ஒன்று குசினிக் கூரையில் விழுந்து ஓடுகள் நொறுங்கின, பின்பக்க வேலி சரிந்தது, கிணற்றுக்குள் வெள்ளம் வந்துவிட்டது. கிணற்றை இறைத்துக் குளோரின் போட்டு, ஓடு மாற்றி, வேலி கட்ட 23,000 ரூபா போனது. சேமிப்புப் புத்தகத்திலிருந்து எடுத்தாள். போனுக்குச் சார்ஜ் இல்லாத நாட்கள் அவை. சந்தை என்ன செய்தது என்று அவளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் தேவைப்படவில்லை. ஏப்ரலில் இருந்த அதே பிள்ளைதான். ஏப்ரலில் அந்த 23,000 வேண்டி வந்திருந்தால் பங்குகளை விற்பதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது.

டிசெம்பரில் 150 ரூபாவுக்கு 40 பங்குகள் வாங்கினாள். செப்டெம்பரிலும் XDக்குப் பிறகு 150இல்தான் 40 வாங்கியிருந்தாள். வருடம் முடிந்தது. புதுவருடத்துக்கு மறுநாள் கொப்பியோடு வந்தாள்.

ஏப்ரலில் திரும்ப வாங்கிய 128, ஜூலை முதல் டிசெம்பர் வரை வாங்கிய 231, மொத்தம் 359 பங்குகள். கையிலிருந்து போன காசு, எல்லாக் கட்டணத்தோடும், 54,269 ரூபா. ஒரு பங்குக்குச் சராசரி 151.17. வருடக் கடைசி விலை 150. ஆகவே பங்குகளின் பெறுமதி 53,850, போட்டதைவிட 419 ரூபா குறைவு. பங்கிலாபம் 697ஐக் கூட்டினால் 278 ரூபா லாபம். இவ்வளவுக்கும் அவள் தொடங்கிய விலை 120, முடித்த விலை 150. விலை கால்வாசி கூடிய வருடத்தில் கைக்கு வந்தது 278 ரூபா. நிலையான வைப்பில் போட்டிருந்தால் இதைவிடக் கூட வந்திருக்கும்.

ஏப்ரலில் விற்காமல் இருந்திருந்தால் என்ன என்று பக்கத்து நிரலில் அவளே கணக்குப் போட்டு வைத்திருந்தாள். 379 பங்குகள். போட்ட காசு 54,362. பெறுமதி 56,850. பங்கிலாபம் 765. லாபம் 3,253 ரூபா. அதாவது முதல் வருடத்தின் லாபம் ஏறக்குறைய முழுவதும் அந்த இருபது பங்குகளுக்குள் இருந்திருக்கிறது.

கொப்பியின் அடுத்த பக்கத்தில் 2026 என்று எழுதி, மூன்று நிரல் கீறியிருந்தாள். திகதி, விலை, எண்ணிக்கை. விலை நிரலை மிக ஒடுக்கமாகவும் எண்ணிக்கை நிரலை அகலமாகவும் கீறியிருந்தாள். ஏன் பிள்ளை இப்படி என்று கேட்டேன்.

“விலை என்ர கையில இல்லைத்தானே சித்தி. இதுதான் எனக்குக் கூட வேணும்” என்று அகல நிரலில் விரலை வைத்தாள். பிறகு, பங்கு வாங்குகிற ஜனவரி 25 ஞாயிற்றுக்கிழமை, அப்போது வெள்ளிக்கிழமையே வாங்க வேண்டுமா, திங்கட்கிழமை வாங்கலாமா என்று கேட்டாள்.